கடை ஆயில், சொந்தக் கை, டீலர் வாரண்டி: ஒரு கரோலாவை வைத்து நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவில் புதுக் கார் வாங்குபவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு பயம் உண்டு. "ஆயிலை வீட்டிலேயே மாற்றினால், அதுவும் சூப்பர் மார்க்கெட் பிராண்டு ஆயில் ஊற்றினால், வாரண்டி போய்விடும்." டீலர்களின் சர்வீஸ் கவுண்டரிலும் சிலர் இதையே சொல்கிறார்கள். இந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பொய் என்பதைப் பொதுவாகப் பேசித் தீர்க்க முடியாது. ஒரே ஒரு காரை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்த்தால்தான் தெளியும். அதற்கு 2022 டொயோட்டா கரோலா எல்இ பொருத்தமானது. ஏராளமாக ஓடும் கார்; எஞ்சினும் பழகிய 1.8 லிட்டர் 2ZR வரிசை.

எடுத்துக்காட்டாக, இந்தக் காரை 2022 ஜூனில் வாங்கியதாகவும் ஆண்டுக்கு 10,000 மைல் ஓடுவதாகவும் வைத்துக்கொள்வோம். டொயோட்டா இந்தக் காருக்கு முதல் 2 ஆண்டு அல்லது 25,000 மைல், எது முதலில் வருகிறதோ அதுவரை அட்டவணைப்படியான பராமரிப்பை இலவசமாகச் செய்கிறது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் காக்கும் பவர்டிரெய்ன் வாரண்டி 5 ஆண்டு அல்லது 60,000 மைல். ஆயில் மாற்ற வேண்டிய இடைவெளி 10,000 மைல் அல்லது 12 மாதம். ஆக 10,000, 20,000 மைலில் டீலரே காசு வாங்காமல் மாற்றித் தருவார். அந்த இரண்டையும் விட்டுவிட்டு வீட்டில் மாற்றுவதில் எந்த லாபமும் இல்லை. கேள்வி எழுவது 30,000 மைலில்தான். அப்போது இலவசம் முடிந்திருக்கும், ஆனால் பவர்டிரெய்ன் வாரண்டி இன்னும் 2 ஆண்டு மிச்சம் இருக்கும்.

கையேடு உண்மையில் என்ன கேட்கிறது

உரிமையாளர் கையேட்டின் பின்பகுதியில் எஞ்சின் ஆயிலுக்கு ஒரு சிறு பத்தி உண்டு. டொயோட்டாவின் சொந்த ஆயிலை அல்லது "அதற்கு இணையானதை" ஊற்றச் சொல்கிறது அது. வழக்கின் முழுப் பாரமும் அந்த "இணையானது" என்ற சொல்லில்தான் இருக்கிறது. எதற்கு இணை என்பதையும் கையேடே அடுத்த வரியில் சொல்லிவிடுகிறது: 0W-20 பாகுநிலை, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை; கார் நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த ஐஎல்எஸ்ஏசி தரம். அவ்வளவுதான். எந்தக் கம்பெனி, எந்தக் கடை என்ற பேச்சு அங்கே இல்லை. டொயோட்டா பெயர் போட்ட ஆயிலைக்கூட எண்ணெய் நிறுவனங்கள்தான் தயாரித்து அடைத்துக் கொடுக்கின்றன.

ஆகவே கடையில் கேனைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை இரண்டு. முன்பக்கத்தில் நட்சத்திரம் வெடித்ததுபோல் ஓரம் பல்பல்லாக இருக்கும் ஒரு வட்ட முத்திரை. பெட்ரோல் எஞ்சினுக்கு என்று அதில் எழுதியிருக்கும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம், அதாவது ஏபிஐ, உரிமம் கொடுத்த ஆயிலில்தான் அது இருக்கலாம்; கையேடு கேட்கும் ஐஎல்எஸ்ஏசி தரத்துக்கு அதுவே அடையாளம். பின்பக்கத்தில் வளையல்போல் இன்னொரு வட்டம். அதன் நடுவில் பாகுநிலை, மேல் வளைவில் "ஏபிஐ சர்வீஸ் எஸ்பி" போன்ற தர எழுத்து. 2020 மே மாதம் வந்த ஐஎல்எஸ்ஏசியின் ஜிஎஃப்-6 தரமும் ஏபிஐயின் எஸ்பியும் இந்தக் காருக்குப் போதும். 2025 மார்ச் இறுதியில் வந்த ஜிஎஃப்-7, எஸ்கியூ ஆகியவை அதற்கு அடுத்த படி. பழைய தரம் கேட்கும் எஞ்சினுக்கு அவற்றைத் தயங்காமல் ஊற்றலாம்.

நட்சத்திர முத்திரை மட்டும் போதாது என்பதைக் கவனிக்க வேண்டும். 5W-30 கேனிலும் அதே முத்திரை இருக்கும். முத்திரை தரத்தைச் சொல்கிறது. பாகுநிலையைத் தனியாகப் பார்த்தாக வேண்டும். கரோலாவிலேயே ஒரு பொறி இருக்கிறது. அதே ஆண்டின் எஸ்இ மாடலில் 2.0 லிட்டர் எஞ்சின். அது கேட்பது 0W-16. "கரோலாவுக்கு என்ன ஆயில்" என்று தேடி முதலில் வந்ததை வாங்கினால் தப்பாகப் போகலாம். தன் காரின் ஆயில் மூடியிலும் கையேட்டிலும் இருப்பதே கணக்கு.

பயப்பட வேண்டிய மலிவு ஆயிலும் கடையில் உண்டுதான். பெட்ரோல் பங்க் அலமாரிகளிலும் சில மலிவு விலைக் கடைகளிலும் எஸ்ஏ, எஸ்எஃப் என்ற தர எழுத்தோடு டப்பாக்கள் கிடைக்கும். எஸ்ஏ ஆயிலின் பின்லேபிளைத் திருப்பிப் பார்த்தால், 1930க்குப் பிறகு செய்யப்பட்ட பெரும்பாலான கார் எஞ்சின்களுக்கு இது பொருந்தாது என்று பொடி எழுத்தில் இருக்கும். எஸ்எஃப் என்றால் அந்த ஆண்டு 1988. அப்படி ஒரு டப்பாவுக்கும், பெரிய கடைகள் தங்கள் பெயரில் விற்கும் உரிமம் பெற்ற ஃபுல் சிந்தெடிக் 0W-20 கேனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டையும் சேர்த்து "பிராண்டு இல்லாத ஆயில்" என்று ஒரே பெயரில் அழைப்பதுதான் குழப்பத்தின் வேர். ஒன்றில் குறைவது பிராண்டு. மற்றதில் குறைவது தரம்.

சட்டம் எங்கே நிற்கிறது

1975-இல் அமெரிக்க நாடாளுமன்றம் கொண்டுவந்த மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டம், ஒரு பொருளின் வாரண்டியை இன்ன பிராண்டு உதிரிப்பாகம் அல்லது இன்ன கம்பெனியின் சர்வீஸ் என்ற நிபந்தனையோடு கட்டிப்போடக் கூடாது என்கிறது. விதிவிலக்கு இரண்டு. அந்தப் பொருளையோ சர்வீஸையோ இலவசமாகத் தந்தால் நிபந்தனை போடலாம். அல்லது, தன் பொருள் அந்தக் குறிப்பிட்ட பாகத்தோடு மட்டும்தான் சரியாக வேலை செய்யும் என்று கூட்டாட்சி வணிக ஆணையத்திடம் நிரூபித்து விலக்கு வாங்கியிருக்க வேண்டும். முதல் 2 ஆண்டு இலவசப் பராமரிப்பு முடிந்தபின் நம் கரோலாவுக்கு முதல் விதிவிலக்கும் பொருந்தாது.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டம் இல்லை. 2015-இல் மினி கார்களின் வாரண்டி விஷயத்தில் பிஎம்டபிள்யூவின் வட அமெரிக்க நிறுவனத்தின் மீது அந்த ஆணையம் நடவடிக்கை எடுத்து உத்தரவு போட்டது. மினி உதிரிப்பாகமும் மினி டீலர் வேலையும் இருந்தால்தான் வாரண்டி என்று உரிமையாளர்களிடம் சொல்லப்பட்டது என்பதே குற்றச்சாட்டு. 2022-இல் ஹார்லி டேவிட்சன் மீதும் இதே வகை நடவடிக்கை வந்தது.

டொயோட்டாவின் வாரண்டிப் புத்தகம் இந்தச் சட்டத்துக்கு ஒத்தே எழுதப்பட்டிருக்கிறது. பராமரிப்பை நீங்களே செய்யலாம், விருப்பப்பட்ட மெக்கானிக்கிடமும் கொடுக்கலாம், வேறு இடத்தில் செய்தீர்கள் என்ற ஒரே காரணத்துக்காகக் கோரிக்கையை மறுக்க மாட்டோம் என்பது அதன் சாரம். அதோடு கூடவே வருவது இது: தவறான பராமரிப்பால் வந்த சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல. இந்த இரண்டாம் பாதியைப் பலரும் படிப்பதில்லை. கடை ஆயில் ஊற்றும் உரிமையைச் சட்டம் காக்கிறது. தப்பான ஆயிலையும் கவனக்குறைவான கையையும் அது காக்காது.

இந்தியாவில் இந்தச் சட்டம் செல்லாது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அங்கே வாரண்டிப் புத்தகங்கள் பொதுவாக அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரைக் கேட்கும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீது போட்ட உத்தரவில், வெளியே வேலை பார்த்ததற்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றது. ஆனால் அந்த விவகாரம் மேல்முறையீடுகளுக்குப் போனது. அமெரிக்கக் கணக்கை அப்படியே சென்னையில் போட்டுப் பார்க்க வேண்டாம்.

30,000 மைல்: வேலை

வாங்க வேண்டியவை: 5 குவார்ட் 0W-20 கேன் ஒன்று, 04152-YZZA6 எண்ணுள்ள ஃபில்டர் அல்லது அதற்கு ஈடான வேறு கம்பெனி ஃபில்டர், ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டுக்கு 90430-12031 வாஷர். இந்த எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து 4.2 லிட்டர் போகும், அதாவது 4.4 குவார்ட். கேனில் இருப்பது 4.7 லிட்டர் சொச்சம். மிச்சம் அரை லிட்டரை வைத்துக்கொள்ளலாம். இடையில் ஊற்ற உதவும்.

எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைக்க வேண்டும். வெதுவெதுப்பான ஆயில் நன்றாக வடியும். கொதிக்கும் ஆயில் கையைப் பொசுக்கிவிடும். காரைச் சாய்தளத்தில் ஏற்றி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு ஆப்பு வைத்த பிறகே அடியில் போக வேண்டும். காரோடு வரும் ஜாக்கை மட்டும் நம்பித் தலையை அடியில் நுழைப்பது உயிர் போகும் வேலை.

அடியில் போனதும் முதல் ஆபத்து, தப்பான போல்ட்டைக் கழற்றுவது. எஞ்சின் ட்ரெயின் போல்ட்டின் தலை 14 மில்லி ஸ்பேனருக்கு. பக்கத்திலேயே இருக்கும் சிவிடி கியர்பாக்ஸின் ட்ரெயின் பிளக்கோ ஆலன் கீ போட்டுக் கழற்றுவது. 10,000 மைல் ஓடிய எஞ்சின் ஆயில் கறுத்திருக்கும். கழற்றியதும் அப்படி இல்லாமல் தெளிவான திரவம் வந்தால் உடனே மூட வேண்டும். அது தெரியாமல் எஞ்சினில் 4 லிட்டரைக் கூடுதலாக ஊற்றி, கியர்பாக்ஸைக் காலியாக விட்டு ஓட்டியவர்களுக்கு வந்த பில் ஒரு எஞ்சின் ஆயில் செலவைப்போல் பல மடங்கு.

ஆயில் சொட்டுச் சொட்டாக நின்றபின் புது வாஷர் போட்டு போல்ட்டைக் கையாலேயே திருகி ஏற்ற வேண்டும். கையில் இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். கடைசி இறுக்கம் 37 நியூட்டன் மீட்டர், அடி-பவுண்டில் 27. டார்க் ரென்ச்சின் இரு அளவுகோல்களையும் குழப்பிக்கொண்டு 37 அடி-பவுண்டுக்கு இறுக்குவது நடக்கிற தவறுதான். அது 50 நியூட்டன் மீட்டருக்குச் சமம். ஒருமுறையில் போல்ட் உடையாது, ஆனால் ஒவ்வொரு முறையும் மரை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும்.

அடுத்தது ஃபில்டர். இந்த வேலையில் நிதானம் வேண்டிய இடம் இதுதான். கரோலாவில் திருகிப் போடும் முழு டப்பா ஃபில்டர் இல்லை. காகித மடிப்பு கொண்ட உள்ளீடு மட்டும் மாற்றப்படும். அதன் மூடி காரோடேயே இருக்கும். மூடியைக் கழற்ற 64 மில்லி அளவில் 14 பட்டை கொண்ட தொப்பி ரென்ச் வேண்டும். சங்கிலி ரென்ச்சோ பெரிய இடுக்கியோ போட்டால் மூடி நசுங்கும். முதலில் மூடியின் நடுவிலுள்ள சிறு பிளக்கைக் கழற்றி, ஃபில்டர் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் குழாயைச் செருகினால் உள்ளே தேங்கிய ஆயில் ஒழுங்காக வடியும். பிறகு மூடியைச் சுழற்றி எடுத்து, பழைய காகிதத்தை உருவ வேண்டும்.

மூடியின் நடுவில் துளைகள் போட்ட ஒரு குழல் நிற்கும். ஃபில்டர் அமுங்கிவிடாமல் தாங்குவது அதுதான். பழைய ஃபில்டரோடு சேர்த்து அதைக் குப்பையில் போட்டவர்களும் உண்டு. அது இல்லாமல் ஓடினால் காகிதம் மடிந்து, ஆயில் வடிகட்டப்படாமலே சுற்றும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. மூடியைக் கவிழ்த்து அந்தக் குழலைக் கண்ணால் பார்த்துவிட்டே புது ஃபில்டரை ஏற்ற வேண்டும்.

பிறகு ஓ-ரிங், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம். பெட்டியில் பெரியது ஒன்று, சிறியது ஒன்று. மூடியில் பழைய ரிங் உட்கார்ந்திருந்த அதே பள்ளத்தில்தான் புதியது உட்கார வேண்டும். ஓரத்தில் மரைக்கு மேல் சும்மா ஏற்றி வைத்தால் இறுக்கும்போது வெட்டுப்படும். புது ஆயிலை விரலில் தொட்டு ரிங் முழுக்கத் தடவி, அது எங்கும் முறுக்கிக்கொள்ளவில்லை என்று சுற்றித் தடவிப் பார்ப்பது நல்லது. மூடியின் இறுக்கம் 25 நியூட்டன் மீட்டர் (18 அடி-பவுண்டு), சிறு பிளக்குக்கு 13க்குச் சற்றுக் குறைவு (9 அடி-பவுண்டு).

மேலிருந்து முதலில் 4 குவார்ட் ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும். ஆயில் விளக்கு சில விநாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். ஓடும்போதே டார்ச் அடித்து மூடியின் விளிம்பைப் பார்த்தால் ஓ-ரிங் தவறு அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். நிறுத்தி 5 நிமிடம் கழித்து, காரைச் சமதளத்தில் வைத்து, டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றலாம். குச்சியின் இரு குறிகளுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். மேல் குறியைத் தாண்ட வேண்டாம். அதிகமானால் கிராங்க் சுழற்சியில் ஆயில் நுரைத்து, பம்ப் காற்றை இழுக்கும்.

பழைய ஆயிலை அதே காலிக் கேனில் ஊற்றி உதிரிப்பாகக் கடையில் கொடுத்துவிடலாம். பல கடைகள் இலவசமாக வாங்கிக்கொள்கின்றன.

காசு

இந்த ஊர் விலையில் கேன் 25 டாலர் பக்கம், ஃபில்டர் 10 டாலருக்குள். டீலரிடம் இதே சிந்தெடிக் ஆயில் மாற்றம் பெரும்பாலும் 80 டாலருக்கு மேல் போகும். ஒரு முறைக்கு 50 டாலர் மிச்சம் என்று வைத்தாலும், வாரண்டி முடியும்வரை வீட்டில் மாற்றப்போவது 30,000, 40,000 என இரண்டே முறை. சாய்தளம், டார்க் ரென்ச், தொப்பி ரென்ச், தட்டு எல்லாம் வாங்கினால் அந்த 100 டாலரும் அங்கேயே போய்விடும். வாரண்டிக் காலத்தில் இது பணத்துக்காகச் செய்யும் வேலை இல்லை. ஃபில்டர் உண்மையிலேயே மாற்றப்பட்டதா, போல்ட் சரியாக இறுக்கப்பட்டதா என்று கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கும், காரைப் 10 ஆண்டு வைத்திருக்கப் போகிறவர்களுக்கும்தான் இது பலன் தரும். டீலரிடமே கொடுப்பவர்கள் பில்லில் பாகுநிலையும் தரமும் எழுதி வாங்க வேண்டும். "ஆயில் மாற்றப்பட்டது" என்று மட்டும் எழுதிய பில் யாருக்கும் சாட்சியாகாது.

மூன்று கோரிக்கைகள்

இப்போது அதே கார் 38,000 மைலில் பழுதாகிறது என்று வைப்போம். ஒரே காரிலேயே மூன்று விதமாகப் பார்க்கலாம்.

முதலாவது, தண்ணீர் பம்ப் கசிகிறது. அது பவர்டிரெய்ன் வாரண்டியில் அடங்கும் பாகம். உள்ளே ஓடுவது கூலன்ட். எஞ்சின் ஆயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. "வெளியே ஆயில் மாற்றியிருக்கிறீர்கள், அதனால் பம்ப் தர மாட்டோம்" என்று சொன்னால் அது சட்டத்துக்கே முரண். இங்கே ஆயில் ரசீதைக் கேட்பதற்கே காரணம் இல்லை.

இரண்டாவது, எஞ்சினுக்குள் பேரிங் தேய்ந்து சத்தம் வருகிறது. இங்கே ஆயில் கேள்வி நியாயமானது. டீலர் வால்வ் கவரைத் திறந்து பார்ப்பார். உள்ளே தங்க நிறப் படலம் மட்டும் இருந்தால் ஆயில் காலத்தில் மாற்றப்பட்டிருக்கிறது. கறுப்பாக, தார்போல் கட்டியாக இருந்தால் கேள்விகள் வரும். ஆயில்தான் காரணம் என்று காட்டும் பொறுப்பு வாரண்டி கொடுத்தவருடையது. ஆனால் காலத்தில் மாற்றினேன் என்பதற்கு உரிமையாளர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். டொயோட்டாவின் பழைய வரலாறே இதற்குச் சாட்சி. 1997 முதல் 2002 வரையிலான சில எஞ்சின்களில் ஆயில் கூழாகக் கட்டியபோது, உரிமையாளர்கள் ஒழுங்காக ஆயில் மாற்றவில்லை என்பதே நிறுவனத்தின் முதல் விளக்கமாக இருந்தது. பிறகு 2002-இல் 33 லட்சம் வண்டிகளுக்கு வாங்கிய நாளிலிருந்து 8 ஆண்டுக்குச் சிறப்புப் பாதுகாப்பு கொடுத்தது. அப்படி ஒரு முடிவு வரும்வரை உரிமையாளரைத் தாங்கியது ரசீதுக் கட்டு ஒன்றுதான்.

மூன்றாவது, ஓ-ரிங் வெட்டுப்பட்டு ஆயில் முழுக்க ஒழுகி எஞ்சின் பிடித்துக்கொண்டது. இதை எந்தச் சட்டமும் தூக்கிவிடாது. ஊற்றியது டொயோட்டா ஆயிலாகவே இருந்தாலும் முடிவு மாறாது. பிராண்டைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தை ஓ-ரிங்குக்குக் கொடுக்கலாம் என்பது இதனால்தான்.

தாள்

ஆயிலும் ஃபில்டரும் வாங்கிய ரசீதில் தேதி இருக்கும், மைல் இருக்காது. அன்றே மீட்டரையும் கேனின் பின்லேபிளையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வைத்தால் இரண்டும் இணைந்துவிடும். கடை ரசீது வெப்பத்தாளில் அச்சானது. காரின் டேஷ்போர்டில் ஒரு கோடை கிடந்தால் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே படம் எடுப்பது அதற்காகவும்தான். கையேட்டோடு வரும் பராமரிப்புப் பக்கத்தில் தேதி, மைல், ஆயில் தரம், ஃபில்டர் எண் ஆகியவற்றைக் கையால் எழுதி வைக்கலாம். டேஷ்போர்டில் பராமரிப்பு நினைவூட்டலை அழிப்பது வசதிக்கு மட்டும். அது சாட்சி ஆகாது.

இடைவெளியிலும் ஏமாறக் கூடாது. தூசி ரோட்டில் ஓட்டுபவர்கள், உறைபனிக் காலத்தில் 5 மைலுக்கும் குறைவாக அடிக்கடி ஓட்டுபவர்கள், டாக்சி அல்லது டெலிவரி ஓட்டுபவர்கள் ஆகியோருக்குக் கையேட்டில் 5,000 மைல் அல்லது 6 மாதம் என்றே இருக்கிறது. டெலிவரி ஓட்டும் ஒருவர் 10,000 மைல் ரசீதுகளை மட்டும் நீட்டினால், அந்தத் தாளே அவருக்கு எதிராகப் பேசும்.

கவுண்டரில் "கடை ஆயில், அதனால் வாரண்டி இல்லை" என்ற பதில் வந்தால், வாய்ச்சொல்லோடு திரும்பக் கூடாது. எந்தப் பாகம், என்ன பழுது, ஆயில் எப்படி அந்தப் பழுதை உண்டாக்கியது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்க வேண்டும். பழைய ஆயிலை அவர்கள் வடிக்கும் முன் ஒரு சுத்தமான பாட்டிலில் சிறிது எடுத்து வைத்தால், ஆயில் ஆய்வுக்கூடம் பாகுநிலையையும் உலோகத் துகளையும் அளந்து சொல்லும். 40 டாலர் பக்கம் ஆகும். அடுத்து டீலரைத் தாண்டி நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையம். அங்கேயும் வழி இல்லை என்றால் ReportFraud.ftc.gov தளத்திலும் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம். எழுத்தில் காரணம் கேட்ட உடனே பல மறுப்புகள் "மறுபடி பார்க்கிறோம்" என்று மாறிவிடுவதுண்டு, ஏனென்றால் கேனில் நட்சத்திர முத்திரையும் 0W-20-உம் இருக்கும்போது அந்த மூன்றாம் கேள்விக்கு எழுத அவர்களிடம் பதில் இருக்காது.